ஊதற்கருவியின் எண்ணில் சந்தேகமா? சரிபார்ப்புப் பதிவேட்டைக் கேளுங்கள்

இலங்கையில் சாரதிக்குள்ள எல்லை 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் மதுசாரம். இலக்கம் காட்டும் ஊதற்கருவியில் இது கிராம் கணக்கில் 0.080. 0.085 என்று திரையில் விழுந்தால் வழக்கு, அனுமதிப்பத்திரம், நாட்கூலி எல்லாம் அந்தக் கடைசி எண்ணில்தான் தொங்கும். அதை நம்பலாமா என்பதைச் சொல்லக்கூடியது கருவியின் சரிபார்ப்புப் பதிவேடு. பளிங்கின் நிறம் மாறும் பலூன் குழாய்க்கு இந்த விளக்கம் பொருந்தாது. அதில் காலாவதித் திகதியைத்தான் பார்க்க வேண்டும்.

சரிபார்ப்பு நடப்பது சிமியுலேற்றர் என்ற மூடிய போத்தலில். 500 மில்லிலீற்றர் கரைசல் ஊற்றி, கலக்கிக்கொண்டே 34 பாகை செல்சியசில் வைத்திருப்பார்கள். ஒரு குழாயால் ஊதினால் மதுசார ஆவி மற்றக் குழாயால் கருவிக்குள் போகும். லீற்றருக்கு 0.968 கிராம் மதுசாரமுள்ள கரைசலுக்குக் கருவி 0.080 காட்ட வேண்டும். 0.005 கூடிக் குறைவதைப் பொதுவாக ஏற்றுக்கொள்வார்கள்.

எண் அதற்கு மேலும் விலகினால் கருவியில் கை வைக்க முன்னர் போத்தலைச் சந்தேகிக்க வேண்டும். ஆவியின் அளவைத் தீர்மானிப்பது வெப்பநிலை. ஒரு பாகை மாறினால் எண் ஏறக்குறைய 6.6 வீதம் மாறும்.

சாரதிக்குக் கேடு வருவது இப்படி. காலையில் போத்தலைச் செருகி, சூடேற விடாமல் 31 பாகையிலேயே ஊதுகிறார்கள். கருவி 0.066 காட்டுகிறது. உண்மையில் அது சரியாகவே அளக்கிறது, ஆவிதான் குறைவு. இயக்குபவரோ கருவி தேய்ந்துவிட்டது என்று எண்ணி 0.080 க்கு உயர்த்திவிடுகிறார். அன்றிலிருந்து எல்லோருக்கும் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடுதலாக விழும். 0.070 உள்ளவர், அதாவது குற்றமில்லாதவர், 0.085 உடன் நீதவான் முன் நிற்பார்.

வன்னியில் மற்றத் திசையிலும் பிழைக்கும். சிமியுலேற்றரில் சூடாக்கி இருக்கிறதே தவிர குளிராக்கி இல்லை. தகரக் கூரை அறையில் மதியம் 37 பாகை என்றால் கரைசலும் மெல்ல அங்கேதான் போய் நிற்கும், கருவி 0.097 காட்டும். அதைப் பார்த்துக் கீழே இறக்கினால் குடித்தவர் தப்பிப்போவார். காலை நேரத்தில், கரைசலின் வெப்பமானி 34 இல் அசையாமல் நின்ற பிறகு பார்ப்பதுதான் வழி.

எண் விலகும் விதமும் காரணத்தைக் காட்டிக்கொடுக்கும். ஊத ஊதக் கொஞ்சம் கொஞ்சமாய்க் குறைந்தால் கரைசல் களைத்துவிட்டது. ஒன்றரை லீற்றர் ஊதலைப் பத்துத் தடவை செலுத்தினாலே மதுசாரத்தில் ஒரு வீதத்துக்கு மேல் போய்விடும். புதுக் கரைசலில் எண் பழைய இடத்துக்கு வந்தால் கருவியில் குற்றமில்லை. திடீரென்று விழுந்தால் மூடியில் கசிவு, அல்லது இணைப்புக் குழாயில் ஆவி குளிர்ந்து நீர்த்துளியாய் நிற்கிறது. வெளிக்குழாயை விரலால் அடைத்து ஊதும்போது குமிழி தொடர்ந்து வந்தால் கசிவுதான். புதுக் கரைசல், சரியான சூடு, கசிவில்லை, அப்படியும் மாதத்துக்கு மாதம் எண் இறங்குகிறது என்றால் மட்டுமே கருவியின் உணரி கிழடாகிறது என்று சொல்லலாம்.

ஆகவே கேட்க வேண்டியது “கருவி சரியா” என்றல்ல. அதற்கு “சரி” என்ற பதிலே கிடைக்கும். கருவியின் தொடரிலக்கத்தைக் குறிப்பிட்டு, உங்களைச் சோதித்த நாளுக்கு முன்னும் பின்னும் நடந்த சரிபார்ப்புகளின் பிரதியைக் கேளுங்கள். திகதி, நேரம், கரைசலின் தொகுதி இலக்கம், அதன் வெப்பநிலை, திருத்த முன்னர் காட்டிய எண், திருத்திய பின் காட்டிய எண் ஆகியவற்றைத் தனித்தனியாக எழுதிக் கேளுங்கள். திருத்த முன்னுள்ள எண் இல்லாத பதிவேடு உங்களுக்கு உதவாது. “கரைசல் மாற்றப்பட்டது” என்ற வரி இல்லாமல் மாதக்கணக்காக 0.080, 0.080 என்று ஒரே எண் இருந்தால், ஊதிப் பார்க்காமலே எழுதியிருப்பார்களோ என்று கேட்க இடமுண்டு.

கேட்கும் உரிமை 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டத்தில் இருக்கிறது. நிறுவனத்தின் தகவல் அலுவலருக்குத் தமிழில் எழுதலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. பொலிஸும் அரச பஸ் சாலையும் இதற்குள் வரும். சாதாரண தனியார் கம்பனி வாசலில் ஊதச் சொன்னதென்றால் இந்தச் சட்டம் கைகொடுக்காது. இன்னொரு பொறி, “வழக்கு நடக்கிறது, தர முடியாது” என்ற பதில். வழக்குக் கோவையைக் கேட்காமல் கருவியின் பராமரிப்புப் பதிவை மட்டும் கேட்டால் அப்படித் தட்டிக்கழிப்பது கடினமாகும். வழக்கு இருந்தால் அதே பிரதியை நீதிமன்றில் கோரும்படி சட்டத்தரணியிடமும் சொல்லிவையுங்கள்.

“தகவல் அலுவலர் இல்லை, நாளைக்கு வாங்கோ” என்று கந்தோர் வாசலில் திருப்பி அனுப்புவார்கள். அலுவலர் நியமிக்கப்படாத இடத்தில் நிறுவனத் தலைவரே அந்த அலுவலர் என்பது சட்டம். கடிதம் கிடைத்ததற்கு எழுத்தில் பற்றுச்சீட்டு வாங்காமல் வெளியே வரவேண்டாம், முடிவு சொல்லும் தவணை அந்தத் திகதியிலிருந்துதான் எண்ணப்படும். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தாலோ பேசாமல் விட்டாலோ 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அங்கும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவலுக்கான உரிமை ஆணைக்குழு. “அப்படிப் பதிவேடு எங்களிடம் இல்லை” என்று பதில் வந்தால் அதையும் எழுத்தில் வாங்கிச் சட்டத்தரணியிடம் கொடுங்கள்.