நூல் மில்லுக்கு மார்க் போடும்போது வெயிட்டேஜ் எங்கே மறைகிறது?

திருப்பூரில் பனியன் துணி பின்னும் ஒரு யூனிட். ஒரே கவுண்ட் நூலை நான்கு மில்களிடம் வாங்கலாம். யாருக்கு அதிக ஆர்டர் என்று முடிவு செய்ய, விலைக்கு 40, டெலிவரிக்கு 30, தரத்துக்கு 30 என்று வெயிட்டேஜ் வைத்து எக்செலில் ஸ்கோர்கார்டு போடுகிறார்கள். மீட்டிங்கில் சண்டையெல்லாம் அந்த 40-ஐ 45 ஆக்கலாமா என்பதில்தான் நடக்கும். ஆனால் ரேங்க்கை மாற்றும் விஷயம் வேறு இடத்தில் இருக்கிறது: ரூபாயையும் சதவீதத்தையும் எப்படி மதிப்பெண்ணாக மாற்றுகிறோம் என்பதில்.

கணக்குக்காக மூன்று மில்களை எடுத்துக்கொள்வோம்.

| மில் | கிலோ விலை (ரூ.) | 50 லாட்டில் நேரத்துக்கு வந்தவை | ரிஜெக்ட் ஆன நூல் |
|---|---|---|---|
| அ | 260 | 40 (80%) | 6% |
| ஆ | 268 | 46 (92%) | 5% |
| இ | 275 | 45 (90%) | 2% |

பெரும்பாலானோர் செய்யும் எளிய வழி இது. குறைந்த விலையை அந்த மில்லின் விலையால் வகுத்து நூறால் பெருக்குவார்கள். டெலிவரிக்கு அந்தச் சதவீதத்தையும், தரத்துக்கு ரிஜெக்ட் ஆகாத நூலின் சதவீதத்தையும் அப்படியே மதிப்பெண்ணாக வைத்துக்கொள்வார்கள். அப்போது ஆ 94.9, இ 94.2, அ 92.2 வரும். பார்க்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு அம்சமும் மில்களுக்கு நடுவே எவ்வளவு வித்தியாசத்தை உண்டாக்கியது என்று பாருங்கள். 40 வெயிட்டேஜ் கொண்ட விலை உண்டாக்கியது சுமார் 2.2 மார்க். டெலிவரி 3.6. தரமோ வெறும் 1.2 மார்க்தான். அ மில்லின் நூல் இ மில்லைவிட மூன்று மடங்கு ரிஜெக்ட் ஆகிறது. ஆனால் ஸ்கோர்கார்டு அதை 94-க்கும் 98-க்கும் உள்ள சின்ன வித்தியாசமாகப் பார்க்கிறது. தாளில் தரத்துக்கு முப்பது என்று எழுதியிருந்தாலும் அது வேலை செய்யவே இல்லை.

சரி, இதைச் சரிசெய்ய இன்னொரு வழி உண்டு. ஒவ்வொரு அம்சத்திலும் மோசமான மில்லுக்கு 0, சிறந்த மில்லுக்கு 100, நடுவில் உள்ளவர்களுக்கு விகிதப்படி. இப்போது ஆ 56.2, இ 55.0, அ 40.0. முப்பது முப்பதாகவே வேலை செய்கிறது. இங்கேதான் வேடிக்கை. ஈ என்று நான்காவது மில் ஒன்று கொட்டேஷன் அனுப்புகிறது: விலை 300, டெலிவரி 85%, ரிஜெக்ட் 4%. யாரும் அதனிடம் வாங்கப்போவதில்லை. ஆனால் விலையில் 'மோசம்' என்பது 275-லிருந்து 300-க்கு நகர்ந்துவிட்டதால், இ மில்லின் விலை மதிப்பெண் 0-விலிருந்து 62.5-க்கு ஏறுகிறது. முடிவு: இ 80, ஆ 69.5. முதலிடம் கைமாறிவிட்டது! ஆ மில் எந்தத் தப்பும் செய்யவில்லை, இ மில் எதையும் திருத்திக்கொள்ளவில்லை.

முடிவெடுக்கும் முறைகளை ஆராய்பவர்களுக்கு இது பழைய தலைவலி. ஒன்றோடொன்று ஒப்பிட்டு வெயிட்டேஜ் கண்டுபிடிக்கும் ஏ.எச்.பி. முறையிலும் இப்படி ரேங்க் புரளும் என்பதை வேலரி பெல்டனும் டோனி கியரும் 1983-இல் காட்டினார்கள். ஒப்பிடும் கூட்டத்தை வைத்தே அளவுகோல் செய்தால், கூட்டம் மாறும்போது அளவுகோலும் மாறத்தானே செய்யும்.

அதனால் அளவுகோலை மில்களிடமிருந்து எடுக்காமல், கொட்டேஷன் பிரிக்கும் முன்பே யூனிட்டின் தேவையிலிருந்து எடுக்க வேண்டும். ரிஜெக்ட் 1% என்றால் 100 மார்க், 6%-ஐத் தொட்டால் பின்னுவதே நஷ்டம், அதனால் 0. டெலிவரிக்கு 95% என்றால் 100, 75% என்றால் 0. விலைக்கு 255 ரூபாய் 100, 285 ரூபாய் 0. இப்படிப் போட்டால் இ 59.8, ஆ 54.2, அ 40.8. ஈ வந்தாலும் போனாலும் இந்த மூன்று எண்களும் அசையாது.

உள்ளே போடும் எண்களையும் கொஞ்சம் சந்தேகப்பட வேண்டும். டெலிவரியில் ஆ-வுக்கும் இ-க்கும் உள்ள வித்தியாசம் ஐம்பதில் ஒரே ஒரு லாட். ஒரு லாரி பஞ்சரானால்கூடப் போதும். அப்புறம் 'நேரத்துக்கு' என்றால் எந்தத் தேதி? பர்ச்சேஸ் ஆர்டரில் போட்ட தேதியா, மில் போன் பண்ணித் தள்ளிவைத்த தேதியா? தள்ளிவைத்த தேதியை சிஸ்டத்தில் ஏற்றிவிட்டால் எல்லா மில்லும் நேரம் தவறாத மில்தான். ரிஜெக்ட் கணக்கிலும் இதே தொல்லை உண்டு. நூல் கலப்பால் வரும் பட்டைகள் பெரும்பாலும் சாயம் ஏற்றிய பிறகுதான் கண்ணில் படும். கொடவுனில் நூல் இறங்கும்போது மட்டும் செக் பண்ணினால் அது ஸ்கோர்கார்டுக்கு வராது.

கடைசியாக வெயிட்டேஜை நகர்த்திப் பார்க்கலாம். விலையை 50 ஆக்கி மற்ற இரண்டையும் 25 ஆகக் குறைத்தாலும் இ மில்தான் முதலிடம், ஆனால் ஒரு மார்க்குக்கும் குறைவான வித்தியாசத்தில். 55-க்குப் போனால் ஆ முந்திவிடுகிறது. ஆகவே மீட்டிங்கில் பேச வேண்டியது 40-ஆ 45-ஆ என்பதல்ல; இந்த நூலுக்கு விலை மட்டுமே மொத்தத்தில் பாதிக்கு மேல் பெறுமா என்பதுதான்.