கீமோவுக்குப் பின் வரும் மறதி: அழிந்து போனதா, பதியவே இல்லையா?

உப்புவெளியிலிருந்து என்னிடம் வந்த கணித ஆசிரியை ஒருவர், கதிரையில் அமர்ந்ததும் கைப்பையிலிருந்து மூன்று கொப்பிகளையும் ஒரு கட்டுத் துண்டுக் கடதாசிகளையும் எடுத்து மேசையில் வைத்தார். மறந்துவிடக் கூடாது என்று அவர் எழுதிய விடயங்கள் எல்லாவற்றிலும் இருந்தன. எது எந்தக் கொப்பியில் இருக்கிறது என்பதுதான் அவருக்கு நினைவில் இருக்கவில்லை. "மிஸ், அம்மாவுக்குக் கடைசிக் காலத்தில வந்த மறதி நோய் எனக்கும் வந்திட்டுதோ?" என்பதே அவருடைய முதற் கேள்வி.

அவருக்கு வயது 47. (அடையாளம் தெரியாதபடி சில விபரங்களை மாற்றியிருக்கிறேன்.) மார்பகப் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சை செய்த பின்னர், மூன்று வாரங்களுக்கு ஒரு தடவை வீதம் நான்கு முறையும், அதன் பிறகு வாரந்தோறும் 12 முறையும் கீமோ ஏற்றியிருந்தார்கள். அது முடிந்து எட்டு மாதங்களாகிவிட்டன. தற்போது, புற்றுநோய் திரும்பி வராமல் தடுப்பதற்காகக் கொடுக்கப்படும் தமொக்சிபென் என்ற ஹோர்மோன் சிகிச்சைக் குளிசை ஒன்றை ஒவ்வொரு நாளும் எடுத்து வந்தார். முடி வளர்ந்து, உடம்பும் ஓரளவு தேறி, பாடசாலைக்குத் திரும்பிய பிறகுதான் சிக்கல் முழுமையாகத் தெரிய வந்தது. புள்ளிப் பட்டியல் எழுதிக்கொண்டிருக்கும்போது வாசலில் யாராவது கூப்பிட்டால், திரும்பி வந்து பார்க்கையில் எந்தப் பிள்ளையின் வரியில் விட்டார் என்பது தெரிவதில்லை. கரும்பலகையில் சமன்பாட்டைத் தீர்க்கும்போது 'காரணி' என்ற சொல் வாயில் வருவதில்லை. காலையில் குளிசையை எடுத்தாரா, எடுக்க நினைத்து மட்டும் இருந்தாரா என்று நாள் முழுவதும் சந்தேகம்.

இதற்கு முன்னர் வேறோர் இடத்தில் அவருக்கு 30 புள்ளிகளுக்கான வழமையான ஞாபகப் பரிசோதனை ஒன்றைச் செய்திருந்தார்கள். 29 புள்ளிகள் கிடைத்ததால், ஒன்றுமில்லை, மனக்கவலைதான் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்தப் பரிசோதனை முதுமை மறதி போன்ற பெரிய இழப்பைக் கண்டுபிடிப்பதற்காக அமைக்கப்பட்டது. இன்று என்ன திகதி, இது எந்த ஊர் என்பன போன்ற கேள்விகளுக்கு, கீமோ எடுத்த ஓர் ஆசிரியை தடுமாறாமல் பதில் சொல்லிவிடுவார். ஆகவே அதில் நல்ல புள்ளி கிடைப்பதை வைத்துக்கொண்டு அவருடைய முறைப்பாட்டைத் தள்ளிவிடுவது சரியல்ல என்பது என் உறுதியான கருத்து.

நான் அவருக்குப் பத்துச் சொற்களை மெதுவாக வாசித்துக் காட்டினேன்: வள்ளம், திறப்பு, முருங்கை, பாலம் என்று ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத சொற்கள். முதல் தடவை நான்கு சொற்களைத்தான் திருப்பிச் சொன்னார். அதே பட்டியலை மூன்றாவது தடவை வாசித்தபோது எட்டுச் சொற்கள் வந்தன. வேறு கதை பேசி 20 நிமிடங்கள் கழித்துக் கேட்டபோது ஏழு சொற்களைச் சொன்னார். விடுபட்டதற்கு 'வீட்டில் இருக்கும் ஒரு பொருள்' என்று ஒரு குறிப்புக் கொடுத்ததும் எட்டாவதும் வந்துவிட்டது. பிறகு நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னேன். 93, 86, 79, 72 வரை பிழையின்றி வந்தார். அந்த நேரத்தில் வெளியே ஓர் ஓட்டோ ஹோர்ன் அடித்தது. அவர் யன்னலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "எதில நிண்டனான்?" என்று கேட்டார்.

அவருடைய கேள்விக்கான பதில் இந்த இரண்டு சிறு பயிற்சிகளிலேயே பெருமளவு இருந்தது. முதுமை மறதியில், உள்ளே போன சொற்களே 20 நிமிடங்களுக்குள் அழிந்து போகும். குறிப்புக் கொடுத்தாலும் பெரும்பாலும் மீளாது. இவருக்கோ உள்ளே போனவை பத்திரமாக இருந்தன, உள்ளே போவதுதான் கடினமாக இருந்தது. கவனம் சிறிது விலகினாலும் கையில் பிடித்திருந்த விடயம் நழுவிவிடுகிறது. "ரீச்சர், நீங்கள் மறக்கவில்லை, அது பதியவே இல்லை" என்று சொன்னபோது அவர் அழுதுவிட்டார். இரண்டு பயிற்சிகளை மட்டும் வைத்து நோயை நிர்ணயித்துவிட முடியாது என்பதையும் அவரிடம் சொல்லி, வைத்தியருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன்.

கீமோ பிரெய்ன் என்று பேச்சுவழக்கில் சொல்லப்படும் இந்த நிலையின் பொதுவான முகம் இதுவே: கவனம் தளம்புதல், சிந்தனையின் வேகம் குறைதல், தெரிந்த சொல் வர மறுத்தல், ஒரே நேரத்தில் இரண்டு வேலைகளைச் செய்ய இயலாமை. "தலைக்குள்ள புகார் மூடின மாதிரி இருக்குது" என்று பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். பெயரில் கீமோ இருந்தாலும் குற்றம் முழுவதும் அந்த மருந்துடையது அல்ல. கீமோ தொடங்குவதற்கு முன்னரே சிலருக்கு இந்தத் தடுமாற்றம் இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. புற்றுநோயும் அதன் சிகிச்சையும் உடலில் கிளப்பும் அழற்சி, இரத்தச்சோகை, களைப்பு, ஹோர்மோன் மாற்றம், கெட்டுப்போன தூக்கம், மனச்சோர்வு எல்லாம் சேர்ந்தே இதை உண்டாக்குகின்றன. பெரும்பாலானோருக்குச் சிகிச்சை முடிந்து ஆறு மாதம் தொடக்கம் ஒரு வருடத்துக்குள் படிப்படியாகத் தெளிகிறது. சிலருக்கு ஆண்டுக்கணக்கில் நீடிக்கவும் செய்கிறது. இதைக் குணமாக்கும் என்று நிறுவப்பட்ட மருந்து எதுவும் இன்றுவரை இல்லை.

ஆனால் இதை மோசமாக்கும் காரணங்களில் சிலவற்றைச் சரிசெய்ய முடியும் என்பதால், முதலில் அவற்றைத் தேட வேண்டும். ஆசிரியைக்கு கீமோவுடன் மாதவிடாய் நின்றுபோயிருந்தது. அதனாலும் தமொக்சிபெனாலும் இரவில் உடம்பு திடீரென்று கொதித்து, மூன்று நான்கு தடவை விழித்துக்கொண்டார். தூக்கம் வருவதற்காக, பிரிட்டோன் என்று எல்லோரும் அழைக்கும் குளோர்பெனிரமின் குளிசையைத் தானாகவே பார்மசியில் வாங்கி ஒவ்வொரு இரவும் எடுத்திருக்கிறார். தடிமனுக்கும் சொறிக்கும் கொடுக்கப்படும் இந்தக் குளிசை தூக்கத்தைத் தந்தாலும், மறுநாள் காலையிலும் மூளையை மந்தமாக்கக் கூடியது. கிளினிக்குக்கு வருபவர்கள் வைத்தியர் எழுதிய மருந்துகளை மட்டுமே காட்டுவார்கள். பார்மசியில் தாமாக வாங்கியதைக் கேட்டால்தான் சொல்வார்கள். வைத்தியர் அவருக்கு அதை நிறுத்தி, ஹீமோகுளோபின், தைரொயிட், விற்றமின் பி12 ஆகியவற்றைப் பரிசோதித்தார். ஹீமோகுளோபின் சற்றுக் குறைவாக இருந்ததால் அதற்கும் சிகிச்சை தொடங்கப்பட்டது.

அடுத்ததாக அந்த மூன்று கொப்பிகளையும் மூடி வைத்துவிட்டு, கைப்பைக்குள் அடங்கும் ஒரே ஒரு கொப்பியைத் தொடங்கினோம். ஒரு நாளுக்கு ஒரு பக்கம். மேலே திகதி, அதன் கீழ் அன்று கட்டாயம் முடிக்க வேண்டிய மூன்று வேலைகள், மிகுதி இடத்தில் அன்று யாராவது சொல்லும் செய்திகள். பிறகு எழுதலாம் என்று விட்டால் பதியாமல் போய்விடும் என்பதால், செய்தி காதில் விழுந்த அதே இடத்தில் எழுத வேண்டும். அதிபர் நடைபாதையில் ஏதாவது சொன்னால், "அப்ப செவ்வாய்க்கிழமை இரண்டாம் பாடத்துக்குப் பிறகு கூட்டம், அப்படித்தானே சேர்?" என்று வாயால் ஒருமுறை திருப்பிச் சொல்லிவிட்டு எழுதும்படி பழக்கினேன். வாயால் சொல்வது கவனத்தை ஒரு கணம் அந்த விடயத்தில் நிறுத்தி வைக்கிறது. அடுப்படியிலும் இதே முறைதான்: காஸை மூடும்போது "காஸை மூடியாச்சு" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். முதலில் கூச்சமாக இருந்தது என்றார். பிறகு வீட்டில் எல்லோருக்கும் பழகிவிட்டது.

குளிசைக்கு ஏழு நாட்களுக்கும் ஏழு அறைகள் கொண்ட பெட்டியை வாங்கி, ஞாயிற்றுக்கிழமை மாலையில் மகள் அதை நிரப்புவதென்று ஏற்பாடு செய்தோம். எடுத்தாரா இல்லையா என்ற கேள்விக்கு அறை வெறுமையாக இருப்பதே பதில். அந்தப் பெட்டி வருவதற்கு முன்னர், சந்தேகம் வந்தபோது அவர் இரண்டாவது குளிசையையும் எடுத்த நாட்கள் உண்டு. அப்படிச் செய்யக் கூடாது. சந்தேகமாக இருந்தால் அன்று விட்டுவிட்டு, மறுநாள் வழமையான நேரத்தில் ஒன்றை மட்டும் எடுக்க வேண்டும் என்று வைத்தியர் விளக்கினார். இது தமொக்சிபெனுக்குச் சொன்னது. வேறு மருந்துகளுக்கு உங்கள் வைத்தியரிடம்தான் கேட்க வேண்டும்.

புள்ளிப் பட்டியல்தான் அவரை மிகவும் வருத்தியது. 38 பிள்ளைகளின் பெயர்களையும் ஒரே மூச்சில் முடிக்க முயல்வதை நிறுத்தி, பத்துப் பேர் முடிந்ததும் ஐந்து நிமிடம் எழுந்து நடப்பதென்று பிரித்தோம். எழுதும் வரியின் கீழே ஓர் அடிமட்டத்தை வைத்துக்கொள்ள வேண்டும். யாராவது கூப்பிட்டால் உடனே தலையை நிமிர்த்தாமல், "ஒரு நிமிசம்" என்று சொல்லி, அந்த எண்ணை எழுதி முடித்து, பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்த பிறகே நிமிர வேண்டும். இந்த வேலைக்கு அவர் தெரிந்தெடுத்த நேரம் காலை ஆறு மணி. பாடசாலை விட்டு வந்த களைப்போடு மாலையில் எழுதியபோது பிழைகள் கூடியதை அவரே தன் கொப்பியில் குறித்துவைத்திருந்தார்.

நடை பற்றியும் சொல்ல வேண்டும். வாரத்துக்கு 150 நிமிடங்கள், அதாவது ஐந்து நாட்கள் அரை மணித்தியாலம் வீதம், பேச முடியும் ஆனால் பாட முடியாது என்ற வேகத்தில் நடப்பது, புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பின்வரும் களைப்பைக் குறைக்கிறது. தூக்கமும் கவனமும் பலருக்கு அதனுடன் சேர்ந்து தெளிகின்றன. ஆசிரியை வெயில் ஏறுவதற்கு முன் கடற்கரையோரமாகப் பத்து நிமிடத்தில் தொடங்கி, வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டிக்கொண்டு போனார். வல்லாரை பற்றி அநேகமாக எல்லோரும் கேட்பார்கள். சம்பலாகச் சாப்பிடுவதில் தவறில்லை; ஆனால் அது கீமோ மறதியை மாற்றும் என்பதற்கு ஆதாரம் இல்லை, அதன் மாத்திரைகளையும் லேகியங்களையும் கீமோ நடக்கும் காலத்தில் வைத்தியருக்குத் தெரியாமல் எடுக்கவும் கூடாது.

எல்லாத் தடுமாற்றத்தையும் கீமோவின் கணக்கில் எழுதிவிடுவது ஆபத்தானது. இந்த மறதி மெதுவாக வந்து, நாளுக்கு நாள் கூடிக் குறையும். திடீரென்று குழம்பிப் பேசுவது, வாய் குழறுவது, ஒரு பக்கக் கை கால் பலவீனமாவது, வலிப்பு, வாந்தியுடன் கூடிய புதிய தலையிடி, நடையில் தள்ளாட்டம் என்பன வந்தால் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். கீமோ காலத்தில் காய்ச்சல் 38 பாகை செல்சியஸைத் தாண்டினாலும் அவ்வாறே; குழப்பம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அடுத்த கிளினிக் நாள் வரை காத்திருக்கக் கூடாது. வாரத்துக்கு வாரம் தொடர்ந்து மோசமாகிக்கொண்டே போகும் மறதியையும் தாமதமின்றி வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

மூன்றாவது வருகையின்போது ஆசிரியையின் கணவரும் வந்திருந்தார். "சொன்னதையே திரும்பத் திரும்பக் கேக்கிறா, மிஸ். வேணுமெண்டு செய்யிறாவோ எண்டு எனக்குக் கோவமும் வந்தது" என்றார். தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருக்கையில் அடுத்த அறையிலிருந்து சொல்லாமல், முகத்தைப் பார்த்து, ஒரு நேரத்தில் ஒரு விடயத்தை மட்டும் சொல்லும்படி அவரிடம் கேட்டுக்கொண்டேன். அன்று முதல், தான் சொல்ல வேண்டியதை அவரே கொப்பியில் எழுதிவைக்கத் தொடங்கினார்.

ஐந்து மாதங்களுக்குப் பிறகு வேறு பத்துச் சொற்களைக் கொண்டு அதே பயிற்சியைச் செய்தபோது, முதல் தடவையிலேயே ஆறு சொற்களைச் சொன்னார். நோய்க்கு முன் ஒரு மாலையில் முடித்த புள்ளிப் பட்டியலுக்கு இப்போது இரண்டு காலைகள் தேவைப்படுகின்றன. அடிமட்டமும் பென்சிலும் இன்னும் அவருடைய கைப்பையில் இருக்கின்றன.