மஞ்சளைப் பச்சை என்று சொன்ன பையன்

நான் கண் பரிசோதகர். நகரிப் பக்கம், திருத்தணியிலிருந்து ஆந்திராவுக்குள் நுழைந்ததும் வருகிற விசைத்தறி ஊர்களில்தான் என் வேலை. இங்கே பாதி வீடுகளில் தமிழும் தெலுங்கும் ஒரே அடுப்பில் வேகும். சில மாதங்களுக்கு முன் ஒரு பாட்டி நாலாம் வகுப்புப் பேரனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். நோட்டுப் புத்தகத்திலிருந்து கிழித்த ஒரு தாளில் வகுப்பு ஆசிரியை எழுதியிருந்தார்: மஞ்சளைக் காட்டினால் பச்சை என்கிறான், கலர் பிளைண்ட் போலத் தெரிகிறது, பார்க்கவும்.

ஆசிரியையைக் குறை சொல்ல மாட்டேன். சிவப்பு-பச்சை நிறக்குறை உள்ள பிள்ளைகள் மஞ்சளையும் இளம்பச்சையையும் குழப்புவது உண்மைதான். அதுவும் பையன். இந்தக் குறைக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் ஆண் பிள்ளைகளிடம்தான் அதிகம் வரும். சந்தேகப்பட்டு அனுப்பியது சரி.

முதலில் இஷிஹாரா புத்தகம். ஜப்பானியக் கண் மருத்துவர் ஷினோபு இஷிஹாரா 1917ல் வெளியிட்டது, இன்றும் எல்லாக் கண் கிளினிக்கிலும் இருக்கும். புள்ளிகளால் ஆன வட்டத்துக்குள் ஓர் எண் ஒளிந்திருக்கும். பையனை ஜன்னலோரம் உட்காரவைத்து, முக்கால் மீட்டர் தள்ளிப் பிடித்துக் காட்டினேன். இந்தச் சோதனையை மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் செய்தால் முடிவே மாறிப்போகும், பகல் வெளிச்சம் வேண்டும். ஒவ்வொரு அட்டைக்கும் 3 நொடிதான். முதல் அட்டையில் 12. அதை எல்லோரும் படிப்பார்கள், பிள்ளைக்குச் சோதனை புரிந்ததா, ஏமாற்றுகிறானா என்று பார்க்கத்தான் அது. இரண்டாவது அட்டையில் சாதாரணக் கண்ணுக்கு 8 தெரியும், சிவப்பு-பச்சைக் குறை உள்ளவருக்கு 3 தெரியும். பையன் "எட்டு" என்றான். அப்புறம் கடகடவென்று ஓடிவிட்டான், ஒன்றுகூடத் தப்பில்லை.

அடுத்து என் மேஜையில் கிடந்த நூல்கண்டுகளைக் கொட்டினேன். தறிக்காரர்கள் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. "இதே மாதிரி இருக்கறதை எல்லாம் ஒண்ணா சேரு" என்று எலுமிச்சை மஞ்சளில் ஒன்றைக் கொடுத்தேன். மஞ்சளெல்லாம் ஒரு குவியல், இலைப்பச்சையெல்லாம் இன்னொரு குவியல். ஒரு கண்டுகூட மாறவில்லை. முதல் குவியலைக் காட்டி, "இது என்ன கலர்?"

"பச்ச."

இரண்டாவதைக் காட்டினேன்.

"பச்ச."

"ரெண்டும் ஒண்ணா?"

என்னை ஒரு மாதிரி பார்த்தான். "இல்ல. இது பசுப்பு பச்ச, அது ஆக்கு பச்ச."

பாட்டி தெலுங்குக்காரர். பையன் வளர்ந்தது அவர் மடியில்தான். தெலுங்கில் பச்ச என்ற சொல் மஞ்சளுக்கும் போகும், பச்சைக்கும் போகும். பிரித்துச் சொல்லவேண்டி வந்தால் மஞ்சள்கிழங்கு நிறத்தைப் பசுப்பு பச்ச என்பார்கள், இலை நிறத்தை ஆக்கு பச்ச என்பார்கள். நாம் மஞ்சள் காமாலை என்பது அங்கே பச்ச காமெர்லு. எங்கள் ஊரில் மஞ்சள் கொடி பிடிக்கிற கட்சிக்காரர்களையும் பச்சச் சொக்காய் என்றுதான் சொல்கிறார்கள், யாரும் குழம்புவதில்லை. தமிழ் வழி வகுப்பில் மஞ்சள் அட்டையைக் காட்டியபோது பையன் வீட்டுச் சொல்லைச் சொன்னான், அவ்வளவுதான்.

இதைப் பார்த்து "மொழி நம் கண்ணையே மாற்றிவிடுகிறது" என்று யாராவது சொன்னால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். அந்தப் பேச்சுக்கு இரண்டு வடிவம் உண்டு, இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிடுகிறார்கள். கடுமையான வடிவம் சொல்வது: எந்த நிறத்துக்குச் சொல் இல்லையோ அந்த நிறம் உனக்குத் தெரியாது. மிதமான வடிவம் சொல்வது: நிறம் எல்லோருக்கும் தெரியும், ஆனால் தனிச் சொல் வைத்திருப்பவர் சில நேரம் அதைச் சற்று வேகமாகப் பிரிப்பார், அல்லது கொஞ்சம் நன்றாக நினைவில் வைப்பார்.

கடுமையான வடிவத்தை என் மேஜையிலேயே அந்தப் பையன் உடைத்துவிட்டான். ஒரே சொல், இரண்டு குவியல். நம் தமிழிலும் இதுதான் கதை. பச்சை குத்திய கை நீலமாகத்தான் இருக்கிறது. கையில் ஓடுவதைப் பச்சை நரம்பு என்கிறோம். திருமாலைப் பச்சை வண்ணன் என்றும் நீலமேகன் என்றும் கூச்சமே இல்லாமல் கும்பிடுகிறோம். இதை வைத்து நம் முன்னோர்க்கு நீலம் தெரியவில்லை என்று எவராவது எழுதினால் சிரிப்போம். ஆனால் 1858ல் பிரிட்டிஷ் அரசியல்வாதி கிளாட்ஸ்டன், ஹோமரின் காவியங்களில் நிறச் சொற்கள் விநோதமாக இருப்பதைக் கண்டு, பழைய கிரேக்கர்களின் நிற உணர்வே முழுதாக வளரவில்லை என்று ஏறக்குறைய அப்படித்தான் எழுதினார்.

எதிர்ப்பக்கத்து உதாரணமும் என்னிடம் வந்தது. ஒரு தறித் தொழிலாளி, இருபத்தைந்து வயது இருக்கும். குறுக்கு நூலாகிய ஊடை பாட்டில் பச்சையில் ஓடவேண்டிய சேலையில், காப்பிக் கலர் நூல் சுற்றிய தாரைப் போட்டு ஓட்டிவிட்டான். முதலாளி திட்டி அனுப்பியிருந்தார். என் எதிரே உட்கார்ந்து நிறப் பெயர்களை அடுக்கினான் பாருங்கள்: கிளிப்பச்சை, பாட்டில் பச்சை, மயில் கழுத்து, அரக்கு, மாம்பழம், வெங்காயத் தோல், கத்திரிப்பூ. எனக்கு அதில் பாதிகூடத் தெரியாது. இஷிஹாராவில் 12 படித்தான். இரண்டாவது அட்டையில் "மூணு" என்றான்.

இத்தனை வருடம் எப்படி ஓட்டினான்? கண்டின் மேல் ஒட்டிய சீட்டைப் படிப்பான், வெளிர் எது அடர் எது என்று பார்ப்பான், அலமாரியில் எந்தத் தட்டில் எந்த நிறம் என்று மனப்பாடம். சீட்டுக் கிழிந்த ஒரு நாள் மாட்டிக்கொண்டான். அடர்பச்சையும் பழுப்பும், ரோஸும் சாம்பலும்தான் இவர்களுக்கு வழக்கமாக மோதும் ஜோடிகள். முப்பது சொல் இருந்தும் கண்ணில் நிறம் பிரிக்கும் கூம்பு செல்லில் இல்லாத வேறுபாட்டை ஒரு சொல்லும் அவனுக்குக் கொண்டுவந்து தரவில்லை. அந்த இரண்டு தார்களும் இப்போது வேறு வேறு பெட்டியில் இருக்கின்றன, பெட்டி மேல் பெரிய எழுத்தில் பெயர்.

சரி, மிதமான வடிவம்? அதில் விஷயம் இருக்கிறது. ரஷ்ய மொழியில் வெளிர் நீலத்துக்கு கொலுபோய், அடர் நீலத்துக்கு சீனிய் என்று இரண்டு தனிச் சொற்கள். ஆங்கிலத்தில் இரண்டும் ப்ளூதான். 2007ல் வெளிவந்த ஓர் ஆய்வில் இரு மொழிக்காரர்களையும் உட்காரவைத்து 20 நீலங்களைக் காட்டினார்கள். திரையில் மூன்று சதுரங்கள், மேலே ஒன்று, கீழே இரண்டு. மேலே இருப்பது கீழே எதோடு ஒத்துப்போகிறது என்று பட்டனை அழுத்தவேண்டும். மூன்றும் கண் முன்னாலேயே இருக்கின்றன, ஞாபகத்துக்கு அங்கே வேலையே இல்லை. கீழே உள்ள இரண்டும் கொலுபோய்க்கும் சீனிய்க்கும் நடுவிலான கோட்டின் இருபுறமும் விழுந்தால் ரஷ்யர்கள் சற்று வேகமாக அழுத்தினார்கள். ஒரே பக்கம் விழுந்தால் அந்த வேகம் இல்லை. ஆங்கிலக்காரர்களிடம் இந்த வித்தியாசமே இல்லை. அவர்களுக்கும் விடை தெரிந்தது என்பதைக் கவனியுங்கள். வித்தியாசம் ஒரு நொடியின் சிறு பங்குதான்.

எனக்கு மிகப் பிடித்தது அதற்கு அடுத்த படி. எட்டு இலக்க எண் ஒன்றை மனதுக்குள் சொல்லிக்கொண்டே செய்யச் சொன்னபோது ரஷ்யர்களின் அந்தக் கூடுதல் வேகம் மறைந்துவிட்டது. எண்ணுக்குப் பதில் கட்டங்களால் ஆன ஒரு வடிவத்தை மனதில் வைத்துக்கொள்ளச் சொன்னபோது மறையவில்லை. அதாவது, அந்த வேகம் கண்ணில் பதிந்து கிடக்கவில்லை, உள்ளே சொல் ஓடிக்கொண்டிருக்கும்போது மட்டும் வருகிறது. மனதுக்குள் பேசும் நாக்கை வேறு வேலையில் பூட்டினால் போய்விடுகிறது. பின்னால் வந்த ஆய்வுகளில் எல்லாம் இதே விளைவு இதே அளவில் கிடைக்கவில்லை. அதனால் மிதமான வடிவத்தையும் மிதமாகவே பிடித்துக்கொள்ளவேண்டும்.

நானும் விளையாட்டாக ஒன்று செய்து பார்த்தேன். ஆய்வு என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். தறியில் பாவு நூலைப் பிணைக்க வரும் அக்கா ஒருவர் கண்ணாடி மாற்ற வந்திருந்தார். நெருங்கிய ஐந்து பச்சைக் கண்டுகளை அடுக்கினேன். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஐந்தும் வேறு என்று எனக்கும் தெரிந்தது, அவருக்கும் தெரிந்தது. ஒன்றைக் காட்டி மறைத்து, அரை நிமிடம் கழித்து எடுக்கச் சொன்னபோது அக்கா தப்பாமல் எடுத்தார், நான் மூன்றில் இரண்டு தடவை தவறினேன். அவருக்கு அது கிளிப்பச்சை, எனக்கு வெறும் பச்சை. சொல்தான் காரணமா, முப்பது வருடம் நூலைத் தொட்ட கையா? இதில் பிரிக்க வழியில்லை. போன் நம்பரை முணுமுணுத்துக்கொண்டே எடுங்கள் என்றதற்கு, "என்ன மேடம், கண்ணு டெஸ்டா பைத்தியம் டெஸ்டா" என்று எழுந்துவிட்டார்.

ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் நான் சொல்வது இதுதான். "இது என்ன கலர்?" என்ற கேள்வி சொல்லைச் சோதிக்கிறது, கண்ணைச் சோதிப்பதில்லை. "இதே மாதிரி இன்னொண்ணு எடு" என்பதுதான் கண்ணுக்கான கேள்வி. சாக்பீஸோ நூலோ, பகல் வெளிச்சத்தில், ஒவ்வொரு நிறத்திலும் வெளிரும் அடரும் இருக்கும்படி கலந்து கொடுங்கள். இல்லையென்றால் அந்தத் தறித் தொழிலாளி மாதிரி வெளிர்-அடர் பார்த்தே பாஸாகிவிடுவார்கள். மஞ்சளும் பச்சையும் தனித்தனியாகப் பிரிந்தால் பெயர்க் குழப்பம் மட்டும்தான். பழுப்பும் பச்சையும் ஒரே குவியலில் விழுந்தால், ரோஸோடு சாம்பல் சேர்ந்தால், கூட்டிக்கொண்டு வாருங்கள். எண் படிக்கத் தெரியாத சின்னப் பிள்ளைக்கு இஷிஹாராவில் விரலால் கோட்டைத் தொடரும் அட்டைகளும் உண்டு. ஆனால் அந்தப் புத்தகம் சிவப்பு-பச்சையை மட்டுமே பிடிக்கும். அபூர்வமான நீலம்-மஞ்சள் குறைக்கு வேறு சோதனை வேண்டும்.

பையனின் சீட்டுக்குப் பின்பக்கம் "நிறப்பார்வை இயல்பு, வீட்டில் மஞ்சளையும் பச்ச என்பார்கள்" என்று எழுதிக் கொடுத்தேன். பாட்டிக்குப் படித்துக் காட்டியதும் கோபம் வந்துவிட்டது. "இலையும் பச்சதான், பசுப்பும் பச்சதான். ரெண்டும் வேறன்னு அந்த டீச்சருக்குத் தெரியாதா டாக்டரம்மா?"

நான் டாக்டர் இல்லை என்று சொல்வதை எப்போதோ விட்டுவிட்டேன்.