ரசீது இல்லாத செலவு

கல்லூரி இறுதியாண்டு மாணவி ஒருவர் நோட்டும் கையுமாக என்னிடம் வந்தார். ஒரு நிறுவனம் வேலைக்கு அழைத்திருந்தது. இரண்டு ஆண்டு முதுகலைப் படிப்புக்கும் இடம் கிடைத்திருந்தது. எதில் சேர்வது என்று தெரியாமல் படிப்புக்கு ஆகும் செலவை வரி வரியாக எழுதி வந்திருந்தார். நேர்த்தியான கணக்குதான். ஆனால் இருக்கவேண்டிய பெரிய செலவு அதில் இல்லை, இருக்கக்கூடாத ஒன்று இருந்தது.

அந்தக் கணக்கை அப்படியே சொல்கிறேன். பணம் எந்த நாட்டுடையதாகவும் இருக்கட்டும், வேலையின் தொடக்க மாதச் சம்பளத்தை 100 என்று வைத்துக்கொள்வோம். அந்த அளவில், இரண்டு ஆண்டுக் கட்டணம் 600. புத்தகம், கணினி 100. தங்குமிடம், சாப்பாடு மாதம் 40 வீதம் 24 மாதத்துக்கு 960. ஆக மொத்தம் 1660.

முதலில் சாப்பாட்டை எடுத்துக்கொள்வோம். வேலைக்குப் போனாலும் அவர் சாப்பிடத்தான் போகிறார், எங்காவது தங்கத்தான் போகிறார். இரண்டு பக்கமும் வரும் செலவு படிப்பின் செலவு ஆகாது, அந்த 960ஐ அடித்துவிடலாம். மிஞ்சுவது 700.

இப்போது எழுதாமல் விட்டதைப் பார்ப்போம். படிக்கும் இரண்டு ஆண்டும் அவருக்குச் சம்பளம் கிடையாது. அதற்கு யாரும் ரசீது தருவதில்லை, பையிலிருந்து எதுவும் குறைவதும் இல்லை. அதனால்தான் கண்ணில் படாமல் போகிறது. ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது நாம் கைவிடும் அடுத்த சிறந்த வழி நமக்கு என்ன தந்திருக்குமோ, அதைத்தான் பொருளியலில் வாய்ப்புச் செலவு என்கிறார்கள். தியோடர் ஷூல்ட்ஸ் என்ற பொருளியலாளர் 1960இல் அமெரிக்கக் கல்வியின் செலவைக் கணக்கிட்டபோது, மாணவர்கள் கைவிட்ட சம்பளத்தையும் சேர்த்துப் பார்த்தார். உயர்கல்வியின் மொத்தச் செலவில் பாதிக்கும் மேல் அதுவாகவே இருந்தது.

சரி, 100 வீதம் 24 மாதம், 2400 என்று எழுதிவிடலாமா? இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள், பொருளியல் படித்தவர்கள் உட்பட. 2005இல் பொருளியலாளர்களின் மாநாடு ஒன்றில் 199 பேரிடம் ஒரு கேள்வி கேட்கப்பட்டது. உங்களிடம் ஒரு இசை நிகழ்ச்சிக்கு இலவச டிக்கெட் இருக்கிறது, அதை விற்க முடியாது. அதே இரவு நீங்கள் போக விரும்பும் இன்னொரு நிகழ்ச்சியும் நடக்கிறது. அதன் டிக்கெட் 40, ஆனால் அதற்கு 50 வரை கொடுக்க நீங்கள் தயார். இலவச நிகழ்ச்சிக்குப் போனால் உங்கள் வாய்ப்புச் செலவு என்ன? 0, 10, 40, 50 என்று நான்கு விடைகள் கொடுத்திருந்தார்கள். சரியான விடை 10. இரண்டாவது நிகழ்ச்சி உங்களுக்கு 50 மதிப்புள்ள மகிழ்ச்சியைத் தந்திருக்கும், ஆனால் அதற்காக 40 கொடுத்திருப்பீர்கள். ஆகவே நீங்கள் உண்மையில் இழப்பது இடையில் உள்ள 10தான். சரியாகச் சொன்னவர்கள் 21.6 சதவீதம் பேர். கண்ணை மூடிக்கொண்டு ஒரு விடையைத் தொட்டிருந்தால்கூட சராசரியாக 25 சதவீதம் சரியாகியிருக்கும்.

மாணவியின் கணக்கிலும் இதே கழித்தல் உண்டு. 100 சம்பளத்தில் பிடித்தம் போகக் கைக்கு வருவது 90. வேலை இருக்கும் ஊரில் வாழ்க்கைச் செலவு 40 அல்ல, 50. அந்த அதிகப்படியான 10 வேலையால் வருவது, அதையும் கழிக்கவேண்டும். முதலாண்டில் அவர் இழப்பது மாதம் 80, அதாவது 960. இரண்டாமாண்டில் ஊதிய உயர்வு வந்து கைக்கு 100 கிடைக்கும் என்றால் மாதம் 90, அதாவது 1080. இரண்டும் சேர்ந்து 2040. இதோடு 700ஐக் கூட்டவேண்டும். படிக்கும்போதே பகுதிநேர வேலையில் 300 சம்பாதிப்பார் என்றால் அதைக் கழிக்கவேண்டும். படிப்பின் உண்மையான செலவு 2440.

அந்த மாணவிக்குத் தெரிந்தவர் ஒருவரும் தன் கடையைப் பார்த்துக்கொள்ள அழைத்திருந்தார். “அதையும் சேர்க்கணுமா சார்?” என்று கேட்டார். கூடாது. ஒரே நேரத்தில் இரண்டு வேலை பார்த்திருக்க முடியாது. கைவிட்டவற்றில் சிறந்தது எதுவோ அது மட்டும்தான் கணக்கில் வரும். அதேபோல, விண்ணப்பத்துக்குக் கட்டிய பணம் எந்த முடிவெடுத்தாலும் திரும்பி வராது. அதற்கும் இந்தக் கணக்கில் இடமில்லை.

அடுத்தது, இந்த 2440 எப்போது திரும்ப வரும் என்பது. படித்து முடித்தால் கைக்கு 150 வரும் என்று அவர் விசாரித்து வைத்திருந்தார். அதை இன்றைய 90உடன் ஒப்பிட்டு, வித்தியாசம் 60, செலவு 1660, ஆகவே 28 மாதத்தில் எடுத்துவிடலாம் என்று எழுதியிருந்தார். ஆனால் அவர் பட்டம் வாங்கும் நாளில், வேலையில் சேர்ந்திருந்தால் 90இல் நின்றிருக்க மாட்டார். இரண்டு ஆண்டு அனுபவத்தோடு, சொல்லப்போனால் 110 வாங்கிக்கொண்டிருப்பார். ஒப்பிடவேண்டியது அந்த 110ஐ. வித்தியாசம் மாதம் 40. 2440ஐ 40ஆல் வகுத்தால் 61 மாதம், ஐந்து ஆண்டுக்கும் மேல். இன்று இழக்கும் பணம் வட்டி ஈட்டியிருக்கும் என்பதையும் சேர்த்து, ஆண்டுக்கு 6 சதவீதம் என்று வைத்தால், ஏறக்குறைய ஆறரை ஆண்டு ஆகிறது.

இதைக் கேட்டதும் அவர் முகம் வாடிவிட்டது. படிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேலைக்காலம் முப்பது ஆண்டுக்கு மேல் இருக்கிறது. அந்த 40 வித்தியாசம் நிலைத்தால் ஆறரை ஆண்டு பெரிதல்ல. நிலைக்குமா என்பதுதான் கேள்வி. சில துறைகளில் பட்டம் தரும் முன்னிலையை அனுபவம் சில ஆண்டுகளில் எட்டிப் பிடித்துவிடும். சிலவற்றில் பட்டம் இல்லாமல் ஒரு படிக்கு மேல் ஏறவே முடியாது. இதை அந்தத் துறையில் பத்து ஆண்டு இருந்தவரிடம்தான் கேட்டறிய முடியும்.

வாய்ப்புச் செலவு எல்லாருக்கும் ஒன்றல்ல, எப்போதும் ஒன்றாகவும் இருப்பதில்லை. அதே வகுப்பில் அதே கட்டணம் கட்டும் இன்னொருவருக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை, தேட எட்டு மாதம் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். அவர் இழக்கும் சம்பளத்தில் குறைந்தது 640 குறைந்துவிடும். அவருக்குப் படிப்பின் செலவு 1800க்கு மேல் போகாது. பொருளாதாரம் மந்தமாகும்போது பலர் மேற்படிப்புக்குத் திரும்புவது இதனால்தான். கட்டணம் குறைவதில்லை, கைவிடும் வேலைதான் மலிவாகிறது. மாறாக, ஐந்து ஆண்டு வேலை பார்த்துவிட்டுப் படிக்க நினைப்பவர் அதைவிடப் பெரிய சம்பளத்தைக் கைவிட வேண்டியிருக்கும், அதை மீட்க மிஞ்சும் ஆண்டுகளும் குறைவு.

பணமாக எழுத முடியாதவையும் உண்டு. அந்த வேலை அவருக்கு உள்ளூர அலுப்பாக இருந்தால், கைவிடும் 80 உண்மையில் 80 மதிப்புள்ளதல்ல. பாடத்தின் மேல் ஆசை இருந்தால் படிக்கும் இரண்டு ஆண்டும் வெறும் செலவல்ல. எவ்வளவு என்று அவர்தான் சொல்லமுடியும். ஆனால் ஒரு தொகையாகவே தன்னைக் கேட்டுக்கொள்வது நல்லது. மாதச் சம்பளத்தில் எவ்வளவு வரை குறைந்தால் பரவாயில்லை என்று தோன்றுகிறது என்று கேட்டால் மனம் ஓரளவு நேர்மையாகப் பதில் சொல்லும்.

அவர் நோட்டில் 960ஐ அடித்தார். அதன் கீழே 2040 என்று எழுதி வட்டமிட்டார். அப்புறம் அந்த 150 எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். கல்வி நிறுவனத்தின் விளம்பரத்தில் இருந்ததாம், அதிகபட்சச் சம்பளம். போன ஆண்டு முடித்தவர்களில் நடுவில் இருப்பவர் எவ்வளவு வாங்குகிறார் என்று விசாரிக்கச் சொன்னேன். அது 130 என்றால் வித்தியாசம் 20தான், வட்டியைச் சேர்க்காமலேயே மீட்பு பத்து ஆண்டைத் தாண்டிவிடும். விசாரித்துக்கொண்டு வருகிறேன் என்று நோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.