‘கிதெ இமஸ்’ என்றால் வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தமில்லை

ஜப்பானில் ஒரு கிடங்கில் வேலை. மேற்பார்வையாளர் போனில் “தொரக்கு க கிதெ இமஸ்” என்கிறார். என்னிடம் படித்துவிட்டுப் போன பையன் “ஹாய்”, அதாவது சரி, என்று சொல்லிவிட்டு, லாரி வந்துகொண்டுதானே இருக்கிறது, அதற்குள் இந்த வரிசையை அடுக்கி முடித்துவிடலாம் என்று வேலையைத் தொடர்கிறான். லாரி ஏற்கெனவே வாசலில் வந்து நிற்கிறது. டிரைவர் காத்திருக்கிறார், மேற்பார்வையாளருக்குக் கோபம், பையனுக்கு என்ன தப்பு என்றே புரியவில்லை.

இந்தத் தப்பு அவனுடைய நோட்டிலேயே எழுதியிருக்கிறது: “தெ இமஸ் = ஐ.என்.ஜி.” தமிழ் தெரிந்த ஒருவர் ஜப்பானிய மொழியை ஆங்கிலம் வழியாகச் சுற்றிப் போய்ப் படிப்பதால் வரும் விளைவு இது. ஜப்பானிய மொழி சொல்லிக்கொடுக்கிற எல்லோரும் முதல் நாளே இதைத் தடுக்கவேண்டும் என்று நினைக்கிறேன்.

ஜப்பானிய வினைச்சொல் ‘தெ’ என்று முடிகிற தெ-வடிவம் நம்முடைய ‘செய்து’ என்கிற வினையெச்சத்துக்கு மிக அருகில் இருப்பது. அதற்கென்று தனியாகக் காலம் கிடையாது. பின்னால் என்ன வருகிறதோ அதுதான் முடிவு செய்யும். “ஒகிதெ, ஹ ஒ மிகய்தெ, கய்ஷ நி இகிமஸ்” என்பதை “எழுந்து, பல் தேய்த்து, கம்பெனிக்குப் போகிறேன்” என்று அப்படியே வைக்கலாம். கடைசிச் சொல்லை ‘இகிமஷ்த’ என்று மாற்றினால் மொத்த வாக்கியமும் நேற்றைக்குப் போய்விடும், முன்னால் உள்ள தெ எதையும் தொடவேண்டாம். செயல்களைக் கோப்பதில் நம் ஆட்களுக்குச் சிரமம் வருவதே இல்லை. ஒரு எல்லையை மட்டும் சொல்லிவிடுகிறேன்: தெ காரணத்தையும் காட்டும், ஆனால் அப்போது பின்னால் கட்டளையோ வேண்டுகோளோ வராது. “சளி பிடித்து லீவு எடுத்தேன்” சரி. “மழை பெய்து, குடை எடுத்துக்கொண்டு போங்கள்” என்று நாமும் சொல்லமாட்டோம் இல்லையா, ‘பெய்வதால்’ என்போம். ஜப்பானியரும் அங்கே ‘கர’ அல்லது ‘நொதெ’ போடுவார்கள்.

இனி அந்த ‘இமஸ்’. அதன் அகராதி வடிவம் ‘இரு’. கிதெ + இரு என்றால் வந்து + இரு, அதாவது வந்திருக்கிறது. தமிழில் ‘வந்திருக்கிறது’ வேறு, ‘வந்துகொண்டிருக்கிறது’ வேறு என்று இரண்டு அமைப்புகள் உண்டு. ஜப்பானிய மொழியில் இரண்டுக்கும் ஒரே தெ-இரு. எது எந்த அர்த்தம் என்பதைப் பெரும்பாலும் வினைச்சொல்லின் குணம்தான் தீர்மானிக்கிறது. கிந்தாயிச்சி ஹருஹிகொ என்ற மொழியியலாளர் 1950-ல் ஜப்பானிய வினைச்சொற்களை நான்கு வகையாகப் பிரித்ததே, அவை இந்த தெ-இருவோடு சேரும்போது எப்படி நடந்துகொள்கின்றன என்பதை வைத்துத்தான். பிற்காலத்தில் அதைப் பலர் திருத்தியிருக்கிறார்கள், ஆனாலும் வகுப்பறைக்கு அவருடைய நடு இரண்டு வகைகள் இன்னமும் போதுமானவை.

ஒன்று, கொஞ்ச நேரம் நீடிக்கிற செயல்: படிப்பது, எழுதுவது, சாப்பிடுவது. “இம யொந்தெ இமஸ்” என்றால் இப்போது படித்துக்கொண்டிருக்கிறேன். இன்னொன்று, ஒரு நொடியில் நடந்து முடிந்து நிலைமையை மாற்றிவிடுகிற செயல்: சாவது, விழுவது, நிற்பது, கல்யாணம் ஆவது. இவற்றோடு தெ-இரு சேர்ந்தால் அந்த மாற்றம் முடிந்து, அதன் விளைவு இப்போது இருக்கிறது என்று அர்த்தம். “ஷிந்தெ இமஸ்” என்றால் செத்துக் கிடக்கிறது, உயிர் போய்க்கொண்டிருக்கவில்லை. “கெக்கொன் ஷிதெ இமஸ்” என்றால் கல்யாணம் ஆகியிருக்கிறது, மண்டபத்தில் உட்கார்ந்திருக்கவேண்டியதில்லை. வருவது, போவது இரண்டும் பார்வைக்கு முதல் வகை மாதிரித் தோன்றும், ஆனால் இரண்டாவது வகையைப்போல நடந்துகொள்ளும், அங்கேதான் எல்லோரும் விழுகிறார்கள். “ஹஹ வ சூபா நி இத்தெ இமஸ்” என்றால் அம்மா சூப்பர் மார்க்கெட்டுக்குப் போயிருக்கிறார். உண்மையிலேயே வழியில் வந்துகொண்டிருக்கிறார் என்று சொல்ல ‘முகத்தெ இமஸ்’ என்ற வேறு வினை இருக்கிறது.

சந்தேகம் வந்தால் நான் சொல்லிக்கொடுக்கும் சோதனை இது. அந்த வினையை ‘ஒரு மணி நேரம்’ என்பதோடு சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். ஒரு மணி நேரம் படித்தேன், பொருந்துகிறது. மெஷின் தொடர்ந்து ஒரு மணி நேரம் உடைந்தது, பொருந்தவில்லை. பொருந்தாதவற்றுக்குத் தமிழில் ‘-திருக்கிறது’ போடுங்கள். இது நூற்றுக்கு நூறு வேலை செய்யும் என்று சொல்லமாட்டேன். முதல் வகை வினையிலும் ‘மோ’ என்ற சொல், அதாவது ஏற்கெனவே, முன்னால் வந்தால் ‘மோ யொந்தெ இமஸ்’, படித்திருக்கிறேன் என்று ஆகிவிடும். அதனால் ‘இம’ வருகிறதா ‘மோ’ வருகிறதா என்று காது கொடுங்கள்.

தொழிற்சாலைக்குப் போகிறவர்கள் இதை இன்னும் கவனமாகப் படிக்கவேண்டும். “தெங்கென் க ஹாய்த்தெ இமஸ்” என்று மெஷினில் எழுதியிருந்தாலோ யாராவது கத்தினாலோ, பவர் ஆன் ஆகியிருக்கிறது என்று அர்த்தம். ‘ஹாய்ரு’ என்றால் நுழைவது, ஆகவே ஐ.என்.ஜி. கணக்குப்படி கரண்ட் இனிமேல்தான் வரப்போகிறது என்று எடுத்துக்கொண்டு கை வைத்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லவேண்டியதில்லை. அதேபோல “தொமத்தெ இமஸ்” என்றால் நின்றிருக்கிறது.

தமிழ் கைவிடுகிற இடமும் உண்டு. “அறிக்கை எழுதிவிட்டாயா?” என்று கேட்டால் நாம் “இன்னும் எழுதவில்லை” என்போம், நேற்று எழுதவில்லை என்பதற்கும் அதே ‘எழுதவில்லை’தான். அதனால் நம் ஆட்கள் ‘ககிமசென் தெஷ்த’ என்று கடந்தகால எதிர்மறையில் பதில் சொல்கிறார்கள். அது, எழுதவில்லை, விஷயம் அதோடு முடிந்தது என்று கேட்கும். “மத கய்தெ இமசென்” என்பதே சரி: எழுதி முடிந்த நிலை இன்னும் வரவில்லை, வேலை பாக்கியிருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம் மேலதிகாரி முகத்தில் உடனே தெரியும்.

கடைசியாக வேண்டுகோள். ‘குதசாய்’ என்பது கொடுப்பதைக் குறிக்கும் வினையிலிருந்து வந்தது, ஆகவே “கய்தெ குதசாய்” கிட்டத்தட்ட நம்முடைய “எழுதித் தாருங்கள்”. நம் காதுக்கு அது பணிவாகத்தான் இருக்கிறது. ஜப்பானிய அலுவலகத்தில் மேலதிகாரியிடம் “மிதெ குதசாய்” என்றால் அவருக்கு நீங்கள் வேலை கொடுப்பதுபோல இருக்கும். ஆசிரியர் மாணவரிடம், டாக்டர் நோயாளியிடம், அல்லது எதிரில் இருப்பவருக்கே நன்மையான விஷயத்தில் (“சாப்பிடுங்கள்”, “உட்காருங்கள்”) அது இயல்பு. மேலே இருப்பவரிடம் உங்களுக்காக ஒன்றைக் கேட்கும்போது “மிதெ இததகெமசென் க”, பார்த்துத் தர முடியுமா என்று கேளுங்கள். நண்பனிடம் “மத்தெ” மட்டும் போதும், கொஞ்சம் இரு என்று அர்த்தம். நம் ‘பொறுத்து’ அப்படித் தனியாக நிற்காது, ஜப்பானிய தெ தாராளமாக நிற்கும்.