தாவல்: பங்கு விலையின் ‘ஜம்ப்’புக்கு எந்தச் சொல்?

பங்குச் சந்தையைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் ‘ஜம்ப்’ என்று வரும் இடத்தில் எல்லாம் ‘பாய்ச்சல்’ என்று போடுகிறார்கள். செய்தித்தாளில் “சென்செக்ஸ் பாய்ச்சல்” என்று தலைப்பு வந்தால் பரவாயில்லை, அங்கே வேகமான ஏற்றம் என்பதுதான் பொருள். ஒரு பங்கைக் குறித்த விலைக்கு வாங்கவோ விற்கவோ உரிமை தரும் ஆப்ஷனின் விலையிடல் பாடத்திலும் அதே சொல்லைக் கொண்டுவந்து வைக்கும்போதுதான் பொறுக்க முடியவில்லை. ‘பாய்ச்சல் மாதிரி’ என்ற சொல்லைப் பயிற்சிக் கையேடுகளில் திரும்பத் திரும்பப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன்.

முதலில் பொருள். ‘ஜம்ப்’ என்பது ஒரு விலையிலிருந்து இன்னொரு விலைக்கு, நடுவில் உள்ள எந்த விலையிலும் வணிகம் நடக்காமல் போய்விடுவது. மேலேயும் போகலாம், கீழேயும் போகலாம். பொருளியலாளர் ராபர்ட் மெர்ட்டன் 1976இல் இதை ஆப்ஷன் கணக்குக்குள் கொண்டுவந்தார். அதற்கு மூன்று ஆண்டு முன்னால் வந்த, ஆப்ஷனின் விலையைக் கணக்கிடும் பிளாக்–ஷோல்ஸ் மாதிரியில் விலை அறுபடாமல் நகரும். மெர்ட்டன் அந்த நகர்வை அப்படியே வைத்துக்கொண்டு, அதன் மேல் எப்போதாவது வந்து விழும் ஜம்ப்களைச் சேர்த்தார். அவை எப்போது வரும் என்பதற்கு, தற்செயலாக வரும் நிகழ்வுகளைக் கணக்கிடும் பாய்சான் முறையை எடுத்துக்கொண்டார்.

இப்போது ‘பாய்ச்சல்’. தமிழில் ஆறு பாய்கிறது, மின்சாரம் பாய்கிறது, வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறோம். புலியும் பாயும், மறுக்கவில்லை. ஆனால் அறிவியல் தமிழில் இந்த வேர் பெரும்பாலும் ஓட்டத்துக்கே போயிருக்கிறது. பாய்மம், பாய்வு எல்லாம் அறுபடாத ஓட்டத்தைக் குறிப்பவை. அப்படியானால் ‘பாய்ச்சல் மாதிரி’ என்று படிக்கும் மாணவர் எதை நினைப்பார்? விலை வேகமாக ஓடுகிறது என்று நினைப்பார். அது பிளாக்–ஷோல்ஸ் சொல்வது. மெர்ட்டன் அதற்கு எதிராகச் சேர்த்த பகுதிக்கு அந்தப் பெயரையே வைத்துவிட்டோம். போதாக்குறைக்கு, செய்தித்தாள் பழக்கத்தால் ‘பாய்ச்சல்’ என்றாலே ஏற்றம் என்று ஆகிவிட்டது. வீழ்ச்சியை யாரும் பாய்ச்சல் என்று எழுதுவதில்லை.

வேகம் வேறு, ஜம்ப் வேறு. இதை ஒரு கணக்கில் பார்த்துவிடலாம். ஒருவர் 1,000 பங்குகளுக்குக் கால் ஆப்ஷன், அதாவது வாங்கும் உரிமை, விற்கிறார். பங்கின் விலை 100 ரூபாய், ஒப்பந்த விலையும் 100. பங்குக்கு 4 ரூபாய் வீதம் 4,000 ரூபாய் பிரீமியம் வாங்கிவிட்டார். பங்கு ஒரு ரூபாய் நகர்ந்தால் ஆப்ஷனின் விலை எவ்வளவு நகரும் என்பதே டெல்டா; அது ஏறக்குறைய 0.5 என்பதால் 500 பங்குகளை வாங்கி வைத்துக்கொள்கிறார். விலை 101க்குப் போனால் இன்னும் கொஞ்சம் வாங்குவார், 99க்கு வந்தால் கொஞ்சம் விற்பார். ஒவ்வொரு முறையும் சிறு நட்டம் வரும். ஆனால் நாள் ஓட ஓட ஆப்ஷனின் மதிப்பு கரைகிறதே, அந்தக் கரைவு அவருக்கு வருமானம்.

பிளாக்–ஷோல்ஸின் அழகு இங்கேதான் இருக்கிறது. நகர்வு சிறியதாக இருந்தால் நட்டம் அந்த நகர்வின் இருமடிக்கு ஏற்ப இருக்கும். அறுபடாத விலையில், எடுத்துக்கொள்ளும் நேரத்தைச் சுருக்கினால் அந்த இருமடியும் அதே வீதத்தில் சுருங்கும். ஆகவே அடிக்கடி சரிசெய்யச் சரிசெய்ய, மொத்த நட்டமும் நேரக்கரைவும் ஒன்றையொன்று நெருங்கி, கடைசியில் ஒன்றுக்கொன்று கழிந்துவிடும். விலை எவ்வளவு வேகமாக ஆடினாலும், அந்த ஆட்டத்தின் அளவு முன்கூட்டித் தெரிந்திருந்தால் போதும்.

சரி, விலை 100இலிருந்து நேராக 120க்குப் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். ஆப்ஷனில் குறைந்தது 20,000 ரூபாய் நட்டம். கையில் உள்ள 500 பங்குகளில் 10,000 லாபம், பிரீமியம் 4,000. ஆக 6,000 ரூபாய் துண்டு விழுகிறது. நேராக 80க்கு விழுந்தால்? ஆப்ஷன் கிட்டத்தட்ட மதிப்பற்றுப் போகும், பிரீமியம் 4,000 தங்கும், பங்குகளில் 10,000 போகும். மறுபடியும் 6,000 நட்டம். எந்தப் பக்கம் போனாலும் விற்றவருக்கு அடி. வாரத்துக்கு ஒரு முறை சரிசெய்தாலும் நிமிடத்துக்கு ஒரு முறை சரிசெய்தாலும் இந்த 6,000 குறையாது, ஏனென்றால் நடுவில் சரிசெய்ய ஒரு விலையே இல்லை. முன்னெச்சரிக்கையாக 1,000 பங்கையும் வாங்கி வைத்திருந்தால் மேலே போகும்போது தப்பிக்கலாம். 80க்கு விழுந்தால் 16,000 போகும். பங்கின் லாபநட்டம் ஒரு நேர்கோடு, ஆப்ஷனுடையது வளைகோடு. எல்லா அளவு ஜம்ப்களுக்கும் ஒரே நேர்கோட்டை வளைகோட்டின் மேல் பொருத்த முடியாது.

2022 பிப்ரவரி 2 அன்று அமெரிக்கச் சந்தையில் மெட்டா நிறுவனப் பங்கு 323 டாலரில் முடிந்தது. மாலையில் காலாண்டு முடிவு வந்தது. மறுநாள் வழக்கமான வணிகம் தொடங்கியபோது விலை 245 டாலருக்கு அருகில். மேல்பக்க உதாரணம் நம் ஊரிலேயே உண்டு. 2009 மே 18, மக்களவைத் தேர்தல் முடிவுக்குப் பிந்தைய முதல் வணிக நாள். குறியீடுகள் உச்ச வரம்பைத் தொட்டு வணிகம் நிறுத்தப்பட்டது. நிஃப்டி முந்தைய முடிவான 3,672 அளவிலிருந்து 4,323இல் நின்றது. கால் ஆப்ஷன் விற்றிருந்தவர்கள் நிஃப்டியை ஒவ்வொரு படியாக வாங்கிக்கொண்டே போக அன்று வழி இல்லை.

இதற்குப் பொருந்தும் சொல் ‘தாவல்’. தாவு என்ற வினை பழையது. குறள் 610இல் “அடியளந்தான் தாஅயது” என்று வருவது இந்த வினைதான். கடந்தது என்று பொருள். வாய்க்காலைத் தாவினான் என்றால் தண்ணீரில் கால் படவில்லை என்பது சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. மரத்திலிருந்து கீழேயும் தாவலாம், சுவர் மேலேயும் தாவலாம். கணினித் தமிழில் ‘டேப்’புக்கும் தாவல் என்கிறார்களே என்று சிலர் தடுக்கிறார்கள். விலை பற்றிய பாடத்தில் யாரும் அதோடு குழப்பிக்கொள்ளப் போவதில்லை.

‘துள்ளல்’ என்பதும் ஆகாது. துள்ளிய மீன் தண்ணீருக்கே திரும்பும்; தாவிய விலை திரும்ப வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. ‘தொடர்ச்சியின்மை’ என்பது ஒரு பண்பின் பெயர். ஆண்டுக்கு எத்தனை தாவல் என்று எண்ணலாம், ஆண்டுக்கு எத்தனை தொடர்ச்சியின்மை என்று கேட்க நாக்கு வராது.

மொழிபெயர்ப்பாளர்கள் மேல் இன்னொரு குறை. எதிர்ப்பக்கத்து மாதிரியைச் ‘சீரான விலை’, ‘வழுவழுப்பான விலை’ என்று எழுதுகிறார்கள். பிளாக்–ஷோல்ஸ் மாதிரியின் விலைக்கோடு எங்கேயும் வழுவழுப்பு இல்லாதது. எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தாலும் பல்பல்லாகவே தெரியும். அறுபடவில்லை, அவ்வளவுதான். ஆகவே ‘தொடர்நகர்வு’ என்பதே சரி. ‘ஹெட்ஜிங்’கைக் ‘காப்பீடு’ என்பதும் தப்பு. காப்பீட்டில் இடரை வேறொருவர் ஏற்றுக்கொள்கிறார். இங்கே நாமே எதிர்நிலை எடுத்து நட்டத்தை ஈடுகட்டுகிறோம். ‘ஈடுகட்டல்’ என்று கிராமத்துக் கணக்குப்பிள்ளைக்கும் புரிகிற சொல் இருக்கும்போது காப்பீட்டுக்கு ஏன் போக வேண்டும்?

அப்புறம், தாவல் இடரை எப்படித்தான் சமாளிப்பது? மெர்ட்டன், தாவல்கள் அந்தந்த நிறுவனத்தோடு நிற்பவை, பல பங்குகளில் பரப்பினால் கரைந்துவிடும் என்று எடுத்துக்கொண்டு, தொடர்நகர்வை மட்டும் ஈடுகட்டச் சொன்னார். 1987 அக்டோபர் 19 அன்று டவ் ஜோன்ஸ் ஒரே நாளில் 22.6 விழுக்காடு விழுந்தபோது ஏறக்குறைய எல்லாப் பங்குகளும் சேர்ந்தே விழுந்தன. பரப்பி வைத்தும் பயனில்லை. அதன் பிறகுதான் குறியீட்டு ஆப்ஷன்களில் நடப்பு விலைக்கு மிகக் கீழே ஒப்பந்த விலை கொண்ட புட்களுக்கு, அதாவது விற்கும் உரிமைகளுக்கு, கூடுதல் விலை கேட்பது நிலையாயிற்று. வளைகோட்டை ஈடுகட்ட இன்னொரு வளைகோடு, அதாவது இன்னொரு ஆப்ஷன், வேண்டும். அதையும் விற்பவர் யாரோ ஒருவர் அந்த மீதி இடரைச் சுமக்கத்தான் வேண்டும். அவர் கேட்கும் கூலியே அந்தக் கூடுதல் விலை.