செல்ஃபிக்குக் கீழே மன்னிப்புக் கடிதம் எதற்கு?

இந்த மாதத்தில் மூன்றாவது ஆள். சேலத்தில் மனநல ஆலோசகராக இருக்கிறேன். பரீட்சை பயம், கல்யாணக் குழப்பம் என்று வந்துகொண்டிருந்த பிள்ளைகள் இப்போது ஃபோனை நீட்டி, "மேடம், இதுக்குக் கீழ என்ன எழுதறது?" என்று கேட்கிறார்கள். சிரிப்பாக இருக்கிறதா? கேட்கிறவர்களுக்குக் கை நடுங்குகிறது.

கடைசியாக வந்தவர் கல்லூரி இரண்டாம் ஆண்டு மாணவி. அடையாளம் தெரியாதபடி விவரங்களைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். ஏற்காட்டில் பூத்துக் கிடக்கும் காபிச் செடி முன்னால் ஒரு செல்ஃபி. முகம் மலர்ந்து, நன்றாகவே இருந்தார். அதை இன்ஸ்டாகிராமில் போட இரண்டரை மணி நேரம் யோசித்து, கடைசியில் எழுதியது இது: "மூஞ்சி கேவலமா இருக்கு, மன்னிச்சுக்கோங்க."

கூச்சப்படுகிறவர்கள் எல்லோரும் செய்கிற தப்பு இதுதான். நம்மை நாமே முதலில் மட்டம் தட்டிவிட்டால் பிறர் கவனிக்க மாட்டார்கள், தலைக்கனம் என்று பேச மாட்டார்கள் என்று ஒரு நம்பிக்கை. நடப்பது நேர் எதிர். "மூஞ்சி கேவலம்" என்று படித்ததும் யாராக இருந்தாலும் மறுபடி மேலே போய் முகத்தைத்தான் பார்ப்பார்கள். சும்மா தள்ளிக்கொண்டு போயிருப்பவரையும் கையைப் பிடித்து நிறுத்தி, "இங்கே பாருங்கள்" என்று காட்டுகிறீர்கள். அதோடு, படிக்கிறவருக்கு ஒரு கடமையும் வந்துவிடுகிறது. "அய்யோ, அழகா இருக்கடி" என்று எழுதியே ஆக வேண்டும். அந்தப் பெண்ணுக்கு அப்படிப் பத்தொன்பது கமெண்ட். ஒவ்வொன்றும் அவர் முகத்தைப் பற்றி. பயந்துபோய்ப் படத்தையே நீக்கிவிட்டார். "ஏன் எடுத்துட்ட?" என்று கேட்டு அப்புறம் நாலு ஃபோன்.

எங்கள் தொழிலில் இதைப் பாதுகாப்பு நடத்தை என்போம். பயத்தைக் குறைக்க நாம் செய்வதே பயத்தைக் காப்பாற்றி வைக்கும்.

இன்னொன்று, எல்லோரும் நம்மையே உற்றுப் பார்க்கிறார்கள் என்ற எண்ணம். அமெரிக்காவில் தாமஸ் கிலோவிச்சும் உடன் ஆய்வாளர்களும் 2000-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. பாடகர் ஒருவரின் படம் போட்ட, போடவே கூச்சமான டி-ஷர்ட்டை மாட்டி, மாணவர்களை ஒரு அறைக்குள் அனுப்பினார்கள். அங்கே இருந்தவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் படத்தைக் கவனித்திருப்பார்கள் என்று போட்டவர்கள் நினைத்தார்கள். கவனித்தவர்கள் கால்வாசிப் பேர்தான்.

சரி, என்ன எழுதுவது? நாங்கள் இருவரும் உட்கார்ந்து மாற்றினோம். "முகத்தை விடும்மா, அன்னைக்கு அங்க என்ன இருந்துச்சு, அதைச் சொல்லு" என்றேன். "பூ இருந்துச்சு மேடம். மல்லி மாதிரி வாசம். போன வாரம் மழை பெஞ்சதால பூத்துச்சுன்னு எஸ்டேட் அக்கா சொன்னாங்க." கேப்ஷன் அவ்வளவுதான்: "போன வார மழைக்கு ஏற்காட்டில் காபி பூத்திருக்கு. வாசம் மல்லி மாதிரி."

கவனியுங்கள், இதில் மன்னிப்பு இல்லை. "எப்படி இருக்கேன்?" என்ற கேள்வியும் இல்லை. கேள்வி கேட்டால் பதில் வரும், வந்தால் உங்களுக்குத்தான் படபடப்பு. படிக்கிறவர் பேச முகத்தைத் தவிர வேறு விஷயம் ஒன்று கிடைத்துவிட்டது. தயவுசெய்து எங்கிருந்தோ சுட்ட தத்துவ வரியைப் போடாதீர்கள். "வலிகள் பழகிவிட்டன" என்று போட்ட ஒரு பையனின் வீட்டுக்கு ஆத்தூரிலிருந்து சித்தி கிளம்பி வந்துவிட்டார்.

பத்து நிமிடத்துக்கு மேல் யோசிக்காதீர்கள். போட்ட பிறகும் கேப்ஷனைத் திருத்தலாம், அதனால் இது கல்வெட்டு இல்லை. ஆனால் கமெண்ட் வசதியை அணைத்துவிட்டுப் போடுவதை முதல் ஒன்றிரண்டு முறைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதுவே பழக்கமானால் அதுவும் ஒளிந்துகொள்ளும் இடம்தான். போட்டுவிட்டு ஃபோனைக் கவிழ்த்து வைத்து ஒரு வேலையைப் பாருங்கள். அப்புறம் பெண் பிள்ளைகளே, இருக்கிற இடத்தின் பெயரை மலையிலிருந்து இறங்கி வீட்டுக்கு வந்த பிறகு போடுங்கள், எத்தனை தடவை சொல்வது!

கேப்ஷனோடு நிற்காமல், குரூப் போட்டோவுக்குக் கூப்பிட்டால் ஓடுவது, வகுப்பில் பெயர் கூப்பிட்டால் வியர்ப்பது, விசேஷங்களுக்கே போகாமல் இருப்பது என்று ஆறு மாதமாக நீடித்தால், அது வெறும் கூச்சமாக இல்லாமலும் இருக்கலாம். ஆலோசகரைப் பாருங்கள். வெளியில் வரவே தயக்கமென்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, கட்டணம் இல்லை.

அந்தப் பெண் மறுபடி படத்தைப் போட்டார். ஆறு கமெண்ட் வந்ததாம். அதில் அவருடைய அத்தை கேட்டது: "காபி வெள்ளையாவா பூக்கும்?"